பெரும் பரிசு விழுந்த வீட்டில் முதலில் கவனிக்கவேண்டியவை

லொத்தர் வாங்குங்கள் என்று நாம் எழுதப்போவதில்லை. விதைநெல்லுக்கு வைத்த காசை லொத்தர்க் கடையில் கொடுப்பவரைக் கண்டால் மனவருத்தம்தான் வருகிறது. ஆயினும் எம் மக்கள் வாங்குகிறார்கள். சந்தைக்குப் போன இடத்தில், பஸ் நிலையத்தில், முகாம் வாசலில்கூட வாங்குகிறார்கள். என்றோ ஒருநாள் ஒருவருக்குப் பெரும் பரிசு விழத்தான் செய்கிறது. வேண்டாம் என்று சொல்வதோடு நின்றுவிட்டால், விழுந்த பின்னர் அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல எம்மிடம் ஒன்றும் இராது. இடம்பெயர்ந்து, கடன்பட்டு, பத்திரங்களைத் தொலைத்து நிற்கும் ஒரு கமக்காரக் குடும்பத்தின் கைக்குத் திடீரென ஒரு கோடி ரூபா வந்தால், அது தங்குவதும் போவதும் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களிலேயே தீர்மானமாகிவிடும் என்பது எமது கருத்து.

முதலில் சீட்டு. பரிசு விழுந்த சீட்டு காசைப் போன்றது. யார் கையில் இருக்கிறதோ அவரே உரிமை கோரப் பார்ப்பார். ஆகவே லொத்தரின் பெயர், சீட்டிழுப்பு இலக்கம், திகதி மூன்றையும் பத்திரிகையில் வந்த முடிவோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். வாசிக்கத் தெரியாதவராயின் வீட்டுப் பிள்ளையைக் கொண்டு பார்ப்பியுங்கள். "தாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று கேட்பவரிடம் சீட்டைக் கொடுத்துவிட்டு நிற்கவேண்டாம். ஆயிரம் ரூபாதான் விழுந்தது என்று அவர் சொல்லி அதைக் கையில் தந்தால், பின்னர் கேட்க உங்களிடம் ஒரு சான்றும் இராது.

சரியென்று கண்டவுடன் சீட்டின் பின்புறத்தில் உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றைப் பேனாவால் எழுதிக் கையொப்பமிடுங்கள். இரு பக்கத்தையும் போட்டோப் பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். சீட்டு நனையக்கூடாது, கிழியக்கூடாது. அதற்காகப் பசைநாடா ஒட்டுவதோ லமினேற் செய்வதோ கூடாது. ஒரு கொப்பியின் நடுவில் வைத்துப் பொலித்தீனில் சுற்றினால் போதும். உரிமை கோரவேண்டிய இறுதிக்காலம் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதை வாசித்துவிட்டு, அன்றிரவே கொழும்புக்கு ஓடாமல் ஒரு வாரம் ஆயத்தம் செய்யுங்கள்.

ஆயத்தம் என்று நாம் சொல்வது பத்திரங்களைத்தான். எம் மக்களில் பலருடைய அடையாள அட்டையில் இன்னும் பழைய ஊர் முகவரிதான் இருக்கிறது. சிலரிடம் அட்டையே இல்லை. வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயரும் அட்டையில் இன்னொரு எழுத்தும் இருப்பது சாதாரணம். இவற்றை முன்கூட்டியே கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் சரிசெய்யலாம். ஆனால் எதற்காக என்று அங்கே சொல்லவேண்டியதில்லை. வங்கிக் கணக்குத் திறக்க என்றால் அது உண்மைதான். பெரும் பரிசுக்குச் சீட்டு விற்றவரிடம் போவதில்லை, லொத்தரை நடத்தும் சபையின் அலுவலகத்துக்கே போகவேண்டும். தேசிய லொத்தர் சபையும் அபிவிருத்தி லொத்தர் சபையும் வேறு வேறு என்பதால், எந்தச் சபையின் சீட்டு என்பதைப் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். நம்பிக்கையான ஒருவர் கூட வரட்டும். பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துப் படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவது வழக்கமாக இருக்கிறது. சபைகளுக்கு அது விளம்பரம். ஊரில் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது ஆபத்து. படமும் பெயரும் வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

இனிப் பணம். ஒரு குடும்பத்துக்கு ஒரு கோடி 20 இலட்சம் ரூபா விழுந்தது என்று எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரி முதல் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட லொத்தர் பரிசில் நூற்றுக்கு 14 வீதம் வரியாகப் பிடிக்கப்படுகிறது. பரிசைக் கொடுப்பவரே அதைக் கழித்துவிட்டு மிகுதியைத் தருவார். 16 இலட்சத்து 80 ஆயிரம் போக, கைக்கு வருவது ஒரு கோடி 3 இலட்சத்து 20 ஆயிரம். வரி பிடித்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கவனமாக வையுங்கள். பின்னர் காணி வாங்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று எவராவது கேட்டால் அதுவே பதில்.

இந்தப் பணத்தை எங்கே வைப்பது? எந்த வங்கியிலும் வைக்கலாம், அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுக்கச் சரியல்ல. வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் பாதுகாக்கப்படும் தொகை 2021 ஏப்ரல் முதல் 11 இலட்சம் ரூபாவாகும். அதற்கு முன் 6 இலட்சமாக இருந்தது. 2020 இல் த பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டபோது, காப்புறுதியால் கிடைத்தது அந்த 6 இலட்சம் வரைதான். அதற்கு மேல் போட்டிருந்தவர்களின் நிலையை எண்ணிப்பாருங்கள். ஒரு கோடியை இவ்வாறு 11 இலட்சமாகப் பிரித்தால் ஒன்பது, பத்து நிறுவனங்கள் தேவைப்படும். அத்தனை புத்தகங்களையும் ஒரு கமக்காரர் பார்த்துக்கொள்ள முடியாது. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புக்கு மாத்திரம் முதலுக்கும் வட்டிக்கும் அரசின் முழு உத்தரவாதம் சட்டத்திலேயே உண்டு. ஆகவே பெரும் பகுதியை அங்கே வைத்து, கைச்செலவுக்கானதை அருகிலுள்ள வங்கியில் வைத்தால் போதும் என்பது எம் கருத்து. வட்டி ஒன்றிரண்டு வீதம் குறைவாயினும் பரவாயில்லை.

கணவன், மனைவி இருவரும் கையொப்பமிட்டால்தான் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டோடு, மூன்று மாத நிலையான வைப்பாகப் போடுங்கள். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. "காசு மூன்று மாதத்துக்குக் கட்டுண்டு கிடக்கிறது, இவளுடைய கையொப்பமும் வேண்டும்" என்று வாசலில் வந்து நிற்பவருக்குப் பொய் சொல்லாமல் சொல்லலாம். முகத்தை முறித்து "இல்லை" என்று சொல்லத் தெரியாத எம் மக்களுக்கு இது பெரிய உதவி.

வைப்பிலிடுமுன் கடனுக்கான தொகையை ஒதுக்கவேண்டும். எமது குடும்பத்துக்கு மீற்றர் வட்டிக்காரரிடம் ஒன்றரை இலட்சம், இரு நுண்கடன் கம்பனிகளில் 3 இலட்சத்து 20 ஆயிரம், அடகில் 4 இலட்சத்து 50 ஆயிரம், நெல் முதலாளியிடம் 2 இலட்சத்து 20 ஆயிரம், உறவினரிடம் 6 இலட்சம் என வைத்துக்கொள்வோம். மொத்தம் 17 இலட்சத்து 40 ஆயிரம். எல்லாவற்றையும் தீர்த்தாலும் 85 இலட்சத்து 80 ஆயிரம் மிஞ்சும். வழக்கமாக எம்மவர் முதலில் நகையைத்தான் மீட்பார்கள். கழுத்து வெறுமையாக இருப்பது மற்றவர் கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா? நாமோ மீற்றர் வட்டியை முதலில் முடிக்கச் சொல்வோம். மாதம் நூற்றுக்கு 10 வீதமானால் ஒன்றரை இலட்சத்துக்கு மாதம் 15,000 ரூபா வட்டியாகவே போகிறது. அடுத்தது நுண்கடன், பின்னர் அடகு. நகை ஏலத்துக்குப் போகும் திகதி அண்மித்திருந்தால் மாத்திரம் அதை முன்னுக்கு எடுங்கள். நெல் முதலாளியின் கணக்கைப் பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்குங்கள். உரமும் எண்ணெயும் கொடுத்த திகதிகள் அதில் இருக்கவேண்டும்.

கடனைக் கட்டுவது மாத்திரம் கடன் தீர்வதாகாது. கொடுத்திருந்த வெற்றுக் காசோலை, கையொப்பமிட்ட வெற்றுத்தாள், புரோநோட்டு எல்லாம் அந்த இடத்திலேயே திரும்பக் கைக்கு வரவேண்டும். காணியை ஈடு வைத்திருந்தால் நொத்தாரிசைக் கொண்டு ஈடு தீர்ந்ததற்கான உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதியவேண்டும். இதைவிடக் கடினமான ஒன்றும் உண்டு. சில இடங்களில் கடன் கொடுப்பவர் ஈடாக எழுதாமல், இத்தனை வருடத்துக்குள் காசைத் தந்தால் திருப்பி எழுதித்தருவேன் என்ற நிபந்தனையோடு காணியைத் தன் பெயருக்கே மாற்றி எழுதிக்கொள்கிறார். அந்தத் திகதி கடந்தால் காணி போய்விடும். உங்கள் உறுதி அப்படியானதா என்று தெரியாவிட்டால், இன்னொரு நொத்தாரிசிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். திகதி கிட்டியிருந்தால் மீற்றர் வட்டிக்கும் முன்னே இதுதான்.

உறவினரின் கடனுக்கு வட்டி இல்லை என்பதால் இறுதியில் கொடுக்கலாம், ஆனால் கொடுத்தே ஆகவேண்டும். ஓடிவந்த நாளில் அரிசி தந்தவர்கள் அவர்கள். அதற்கு மேல் உதவி என்று கொடுப்பதற்கு ஒரு தொகையை, 5 இலட்சம் என்று சொல்வோமே, கணவனும் மனைவியும் இருந்து தீர்மானித்து, அது முடிந்தால் முடிந்ததுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாற்றுக்காரர் பல வேடத்தில் வருவார்கள். சீட்டே வாங்காதவருக்கு "உங்கள் தொலைபேசி இலக்கத்துக்குப் பரிசு விழுந்திருக்கிறது, பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று அழைப்பு வருவது ஒன்று. வாங்காத சீட்டுக்குப் பரிசு இல்லை. வரியையும் பரிசிலிருந்தே கழிப்பார்கள் என்று மேலே சொன்னோம், முற்பணம் கேட்பவர் கள்ளர். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லித் தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்பவரும் அவ்வாறே. இன்னொருவர் சீட்டைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறேன் என்று இரகசியமாக வருவார். தன்னிடமுள்ள கணக்குக் காட்டமுடியாத பணத்தை லொத்தரில் விழுந்த பணமாகக் காட்டவே அவருக்கு அது தேவை. அவர் தரும் தாள்கள் நல்ல நோட்டா என்பதும் உங்களுக்குத் தெரியாது. அகப்பட்டால் வழக்கிலும் நீங்கள் நிற்கவேண்டிவரும்.

மிகவும் ஆபத்தானவர் தெரிந்த முகத்தோடு வருபவர். மாதம் நூற்றுக்கு 5 வீதம் தரும் கம்பனி என்பார், தானும் போட்டிருப்பதாகப் புத்தகத்தைக் காட்டுவார். அவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம், பின்னால் சேர்ந்தவர்களின் காசில்தான் முன்னால் சேர்ந்தவருக்கு வட்டி வருகிறது. 2008 இன் இறுதியில் வீழ்ந்த கோல்டன் கீ நிறுவனத்தில் படித்தவர்களும் பணக்காரருமாக ஆயிரக்கணக்கானோர் பணம் போட்டிருந்தார்கள். அது மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வைப்பு நிறுவனமல்ல. ஆகவே எவர் சொன்னாலும், மத்திய வங்கி வெளியிடும் அனுமதிபெற்ற நிறுவனங்களின் பட்டியலில் அந்தப் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் சேர்த்தால் பங்கு என்று ஒரு சொல் வந்தால் பட்டியலையும் பார்க்கத் தேவையில்லை. அது சட்டத்தால் தடைசெய்யப்பட்ட வியாபாரம்.

மூன்று மாதம் கழிந்தபின் காணி வாங்க மனம் வரும். சொந்த மண்ணை இழந்தவர்களுக்கு அது இயல்பே. தரகர் காட்டும் உறுதியின் போட்டோப் பிரதியை நம்பி முற்பணம் கொடுக்கவேண்டாம். உங்கள் நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடுவித்து, விற்பவர் பெயரில் காணி இருக்கிறதா, ஈடு ஏதும் இருக்கிறதா, ஒரே காணி இருவருக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியானால், விலை எவ்வளவு மலிவாயினும், முதலில் பிரதேச செயலகத்துக்குப் போய் அதைக் கைமாற்ற முடியுமா என்று கேளுங்கள். தரகர் "அதெல்லாம் பிறகு பார்ப்போம்" என்றால் பணத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். போர்க்காலத்தில் உரிமையாளர் வெளிநாடு போன காணிகளை வேறு யாரோ விற்ற வழக்குகள் எமது நீதிமன்றங்களில் குறைவில்லை. ஆகையால் விற்பவரின் அடையாள அட்டையைப் பார்ப்பதோடு நிற்காமல், அயல் வேலிக்காரரிடமும் ஒருமுறை போய் இவர்தானா அந்தக் காணிக்காரர் என்று விசாரியுங்கள்.