சீர்ச்சாமான் சீட்டு

சென்ற திங்கள் அல்சூரில் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில் இரண்டு தாள்களைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஒன்று, 1958ஆம் ஆண்டில் அவ்வீட்டு மூதாட்டியார் மணமுடித்து வட ஆர்க்காட்டிலிருந்து பெங்களூருக்கு வந்தபோது, அவர்தம் தந்தையார் கைப்பட எழுதிக் கொடுத்த சீர்ச்சாமான் சீட்டு. மற்றது, 2009இல் அவர் பேர்த்திக்கு நடந்த திருமணத்தின் பட்டியல். முன்னது மடிப்பெல்லாம் கிழிந்து பழுப்பேறிய தாள். பின்னது கணிப்பொறியில் அச்சிட்ட வழவழப்பான தாள். ஆயினும் ஒரு வழக்கில் நின்று பேசும் ஆற்றல் பழைய தாளுக்கே உண்டு. அது ஏன் என்பதை இத்திங்கள் பார்ப்போம்.

பழைய சீட்டில் நான்கு பத்திகள் உள்ளன: பொருள், எண்ணிக்கை, எடை, கொடுத்தவர். "பித்தளைக் குடம் 1, 2 வீசை 10 பலம், பெரிய தாய்மாமன்" என்பது ஒரு வரி. 40 பலம் கொண்டது ஒரு வீசை. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.4 கிலோ. ஆகவே அக்குடம் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். "வெண்கலப் பானை 1, 2 வீசை, அத்தை" என்பது அடுத்த வரி. அண்டா, தவலை, தாம்பாளம், குத்துவிளக்கு இணை எனத் தொடர்ந்து, இறுதியில் ஈயச்சொம்பு நிற்கிறது. அதற்கு எதிரே வேறு மையில், "உருகிவிட்டது" என்று மூதாட்டியாரே குறித்திருக்கிறார். ரசச் சொம்பை வெறுமையாய் அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலுக்குப் போனவர் அவர் மட்டும் அல்லர்!

எடையை எழுதியது பெருமைக்காக அன்று. பித்தளையும் வெண்கலமும் அக்காலத்தில் எடைக்கே விற்கப்பட்டன; எடை தெரிந்தால் விலை தெரியும். கொடுத்தவர் பெயரை எழுதியதோ கடன் அறிதற்பொருட்டு. மாமன் வீட்டில் ஒரு திருமணம் வரும்போது, அவர் செய்ததற்குக் குறையாமல் திருப்பிச் செய்யவேண்டும் அன்றோ? மொய்க் கணக்கும் சீர்ச்சாமான் சீட்டும் ஒரே நோக்கில் பிறந்தவை. வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். அதற்கு முன்பே, எந்தச் சட்டமும் கேளாதபோதே, இவ்வளவு ஒழுங்காய் எழுதியிருக்கிறார்கள்.

இனிப் புதிய தாளுக்கு வருவோம். அதில், "பாத்திரங்கள், ஒரு செட், பூசைச் சாமான்கள், வெள்ளி, மிக்சி, கிரைண்டர் முதலியன" என்று மூன்றே வரிகள். எடை இல்லை, கொடுத்தவர் பெயரும் இல்லை. பெண்ணின் தந்தையார் மட்டும் அடியில் கையொப்பம் இட்டிருக்கிறார். சில ஆண்டுகளில் அம்மணம் முறிந்தது. பெண் தன் பொருள்களைக் கேட்டபோது, "எவை உம்முடையவை?" என்று மறுவீட்டார் வினவினர். அவ்வீட்டிலும் ஒரு வெள்ளி விளக்கு இருந்தது; ஒரு கிரைண்டர் இருந்தது. "ஒரு செட்" என்ற சொல்லைக்கொண்டு எதைப் பிரித்தெடுப்பது? தடையின்றித் திரும்பி வந்தவை, பெயர் வெட்டிய ஆறு எவர்சில்வர் பாத்திரங்களும், பாட்டியார் தந்த பழைய குடமுமே. குடத்தின் கழுத்தில் உளியால் புள்ளி புள்ளியாய் வெட்டிய மாமன் பெயரின் முதலெழுத்துகள் இன்னும் தெரிகின்றன. ஈயம் பூசுவது உட்புறத்தில் ஆதலின், வெளியில் வெட்டிய எழுத்துக்கு அதனால் கேடில்லை. புளியிட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான் அது மங்குகிறது.

சட்டம் இப்பெண்ணின் பக்கமே இருந்தது என்பதுதான் இதில் வருந்தத்தக்கது. பிரதிபா ராணி என்னும் பெண்மணி தொடுத்த வழக்கில் 1985 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. சீதனம் மனைவிக்கே உரியது. கணவன் வீட்டில் வைத்ததனாலேயே அது இருவருக்கும் பொதுவாகிவிடாது. கணவன் அதனைக் காப்பவனே ஆவான். கேட்டபோது கொடாமல் தன்வயப்படுத்தினால் அது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். உரிமை ஐயமற்றது. ஆனால் எந்தப் பொருளின்மீது உரிமை என்பதைப் பெண்ணேதான் காட்டவேண்டும். அங்கேதான் "ஒரு செட்" கைவிட்டது.

அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதல், திருமணப் பரிசுகளின் பட்டியல் பற்றிய விதிகளும் நடைமுறைக்கு வந்தன. நம் வீடுகளில் இவற்றை அறிந்தோர் சிலரே. மணமகளுக்கு வந்த பரிசுகளுக்கு மணமகளும், மணமகனுக்கு வந்தவற்றுக்கு மணமகனும் தனித்தனிப் பட்டியல் வைத்தல் வேண்டும். திருமணத்தின்போதோ, அதன்பின் கூடிய விரைவிலோ அது எழுதப்படவேண்டும். பொருளின் சுருக்கமான விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், அவர் உறவினராயின் இன்ன உறவு என்ற குறிப்பு ஆகிய நான்கும் அதில் இருக்கவேண்டும். மணமக்கள் இருவரும் கையொப்பம் இடவேண்டும். வந்திருக்கும் உறவினர் கையொப்பத்தையும் பெற்றுக்கொள்ளலாம். பழைய சீட்டின் நான்கு பத்திகளோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். எடைக்குப் பதில் மதிப்பு வந்திருக்கிறது, அவ்வளவே. இரண்டையும் எழுதுவதே நலம் என்பது நம் கருத்து. மதிப்பு ஆண்டுதோறும் மாறும்; எடை மாறாது.

மணமகன் கையொப்பம் இடத் தயங்குவான் என்று பெண் வீட்டார் அஞ்சுகின்றனர். திருமணத்தன்று மாலை, பாத்திரங்களைக் கட்டும்போதே, இரு வீட்டுப் பெரியவர்களும் உடனிருந்து சரிபார்த்து எழுதினால் அதில் மனக்கசப்புக்கு இடமில்லை. பூசல் வந்தபின் நினைவிலிருந்து எழுதும் பட்டியலை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு நொடியில் உதறிவிடுவார்.

இங்கே நம் பெங்களூருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மணமகன் வீட்டார் கன்னடம் பேசுபவராயின் நம் குடம் அவர்களுக்குப் "பிந்திகெ". நம் அண்டா அவர்களுக்கு "ஹண்டெ". தமிழில் மட்டும் எழுதிய சீட்டில் அவர் படிக்காமலே கையொப்பம் இடுவார். பின்னர், "எனக்குத் தெரியாது" என்பார். இரு மொழியிலும் எழுதிப் படித்துக் காட்டிவிட்டால் அச்சொல்லுக்கு இடமில்லை.

மணமகன் வீட்டார் பெண்ணுக்கு அணிவித்த தாலியும் நகையும் கூறைப்புடவையும்கூட மணமகளுக்கு வந்த பரிசே. அவை அவள் பட்டியலில்தான் சேரவேண்டும். இதனைப் பலர் விட்டுவிடுகின்றனர். "மாமா" என்று மட்டும் எழுதுவதும் பிழையே. நம் குடும்பங்களில் எத்தனை மாமாக்கள்! பழைய பித்தளையைக் கடையில் போட்டு எவர்சில்வர் வாங்கினால், அந்த வரிக்கு எதிரே அதனையும் குறித்து, கடைச் சீட்டை உடன் வைக்கவேண்டும். மாற்றி வாங்கிய பொருளும் அவளுடையதே. ஆனால் குறிப்பில்லையேல் அந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. கேட்டு வாங்கிய பொருளைப் பட்டியலில் எழுதிவிட்டதனால் அது பரிசாகிவிடாது, அது வரதட்சிணையே. கேளாமல், வழக்கப்படி, வீட்டாரின் பொருள்நிலைக்கு மிகாமல் கொடுத்தவற்றுக்கே அச்சட்டம் விலக்கு அளிக்கிறது.

அவ்வீட்டில் இப்போது இளைய பேர்த்திக்கு மணம் பேசியிருக்கிறார்கள். நாம் விடைபெறும் நேரத்தில் மூதாட்டியார் அந்தக் குடத்தைத் தராசில் வைக்கச் சொன்னார். மூன்று கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவாக நின்றது. "ஐம்பது வருஷம் தேய்த்தேனே, குறையாதா?" என்று சொல்லிக்கொண்டே, புதிய சீட்டின் முதல் வரியில் அந்த எடையை எழுதுவித்து, கொடுத்தவர் பத்தியில் "தாய்வழிப் பாட்டி" என்று போடச் சொன்னார்.