டிக்கெட்டுக்குள்ள காத்திருக்கிறது ஆர்?

மென்பொருள் வேலைக்குப் புதுசா வாற ஆக்களுக்கு டிக்கெட் எழுதச் சொல்லித் தருவினம். ஆனா ஒரு டிக்கெட்டை உள்ளுக்குள்ள எப்பிடிப் பிரிக்கிறது எண்டு பெரும்பாலும் ஆரும் சொல்லித் தாறதில்லை. சிலர் எல்லாத்தையும் செக்லிஸ்டா எழுதுவினம், சிலர் எல்லாத்துக்கும் சப்டாஸ்க் திறப்பினம். இது வெறும் பழக்க வித்தியாசம் இல்லை எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். ஒரு வேலை தாமதமாகும்போது ஆற்ற பேர் திரையில் தெரியுது எண்டதை இந்தத் தெரிவுதான் முடிவு செய்யுது.

ஒரு உதாரணம் எடுப்பம். நிகழ்வொன்றுக்கான பதிவுப் பக்கத்தைத் தமிழிலும் தர வேணும். டிக்கெட் ஒரு ஜூனியர் டெவலப்பரின் பேரில் இருக்கு. உள்ளே இப்பிடி ஒரு செக்லிஸ்ட்:

```
- [x] எழுத்துருவைச் சேர்த்தல்
- [x] தலைப்பு, பொத்தான் சொற்கள்
- [x] பிழைச் செய்திகள்
- [x] கைபேசித் திரையில் பார்த்தல்
- [ ] மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தல்
```

முதல் நாலையும் அவர் ஒரே நாளில் முடிச்சிட்டார். ஐந்தாவது, வேறொருவர் செய்ய வேண்டியது. அவருக்கோ வேறு வேலைகள், ஒரு கிழமை போகுது. போர்ட்டில் பார்க்கிறவருக்குத் தெரியிறது இவ்வளவுதான்: நாலு முடிஞ்சுது, ஒண்டு மிச்சம், டிக்கெட் இன்னும் ஜூனியரின் பேரில். ஒவ்வொரு காலைக் கூட்டத்திலும் "கிட்டத்தட்ட முடிஞ்சுது" எண்டு சொல்ல வேண்டிய ஆளும் அவர்தான். ஆனா உண்மையில் அந்தக் கிழமை முழுக்க அவருக்கு அதில் செய்ய ஒரு வேலையும் இல்லை.

பிழை செக்லிஸ்டில் இல்லை. செக்லிஸ்டின்ர ஒரு வரிக்கு ரெண்டே நிலைதான்: முடிஞ்சுது, முடியேல்லை. காத்திருக்குது எண்டு சொல்ல அதால ஏலாது. ஜிராவில் சப்டாஸ்க் திறந்தால் அதுக்குத் தனி எண், தனி நிலை, தனிப் பொறுப்பாளர் எல்லாம் கிடைக்கும். சரிபார்த்தலை மட்டும் சப்டாஸ்க் ஆக்கினால், ஏழு நாளும் அது ஆரிட்ட நிண்டது எண்டு கேள்வியே இல்லாமல் தெரியும்.

அப்ப ஐந்தையும் சப்டாஸ்க் ஆக்கினால் என்ன? அங்கதான் மற்றப் பக்கம் குழம்புது. அரை மணித்தியாலத்தில் முடியிற நாலு வேலைக்கு நாலு அட்டை போர்ட்டில் நிக்கும். வேலை செய்யிறவர் ஒவ்வொண்டாக நகர்த்த மாட்டார், பின்னேரம் எல்லாத்தையும் ஒண்டாக மூடுவார். பிறகு அந்த நிலைகள் ஒண்டையும் காட்டாது. எண்ணிக்கையை வச்சு உழைப்பை அளக்கிற குழுவெண்டால் இன்னும் மோசம்: வேலையைத் துண்டு துண்டாக வெட்டினவர்தான் கனக்கச் செய்தவர் போலத் தெரிவார்.

அதால எங்கட நிலைப்பாடு இதுதான். வழமையாகச் செக்லிஸ்டையே எழுதுங்கோ. ஒரு வரியைப் பார்த்து, "இது மற்ற வேலைகள் முடிஞ்ச பிறகும் தனியாக, வேறொரு ஆளிட்ட காத்து நிக்குமோ?" எண்டு கேளுங்கோ. ஓம் எண்டால் அந்த வரியை மட்டும் சப்டாஸ்க் ஆக்குங்கோ.

பிழையாகப் பிரிச்சிருக்கிறதைக் கண்டுபிடிக்க ரெண்டு அடையாளம் இருக்கு. செக்லிஸ்ட் வரிக்குப் பக்கத்தில் ஆரோ ஒரு பேரும் திகதியும் எழுதத் தொடங்கினால், அந்த வரி சப்டாஸ்க் ஆக வேண்டியது. ஒரு டிக்கெட்டின் சப்டாஸ்க்குகள் எல்லாம் ஒரே ஆளின் பேரில், சில நிமிச இடைவெளியில் மூடப்பட்டிருந்தால், அவை செக்லிஸ்டாக இருந்திருக்க வேண்டியவை.

சப்டாஸ்க்குக்கும் ஒரு எல்லை இருக்கு. ஜிராவில் அது தாய் டிக்கெட் இருக்கிற ஸ்பிரிண்டிலேயே இருக்கும், தனியாக அடுத்ததுக்குக் கொண்டுபோக ஏலாது. எங்கட உதாரணத்தில் பதிவுக்குப் பிறகு போற மின்னஞ்சலையும் தமிழாக்க வேணும் எண்டு வைப்பம். பக்கம் இந்தக் கிழமை வெளியாகலாம், மின்னஞ்சல் பிறகும் வரலாம். அதைச் சப்டாஸ்க் ஆக்கினால், ஒண்டில் முடிஞ்ச பக்கமும் முடியாத டிக்கெட்டாக நிக்கும், இல்லாட்டி முடியாத மின்னஞ்சலோட டிக்கெட்டை மூட வேண்டிவரும். தனியாகப் பாவனைக்கு விடக்கூடிய வேலைக்குத் தனி டிக்கெட் திறந்து, ரெண்டையும் இணைச்சு விடுறதுதான் சரி.

ஸ்பிரிண்ட் முடிவில் "ஏன் பிந்தினது?" எண்டு கேக்கேக்க, குழுவில் புதுசான ஆளால தன்ர பக்கத்தை எடுத்துச் சொல்லிக்கொள்ளுறது லேசில்லை. சரிபார்த்தல் வேறொருவரின் பேரில் தனியாகத் திறந்திருந்தால், அவர் வாய் திறக்க முதலே போர்ட் அதைச் சொல்லியிருக்கும்.