"கேட்டா டூர்னு சொல்லிடுங்கம்மா!"

சிங்கப்பூர்ல இருக்குற நம்மாளுங்க ஊர்லேருந்து அம்மாவைக் கூப்பிடும்போது போன்ல ஒரு பாடம் நடத்துவாங்க. கவனிச்சிருக்கீங்களா? "அம்மா, இமிக்ரேஷன்ல எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா டூர்னு சொல்லிடுங்க. பேரப்புள்ள, பிரசவம்னு எதையும் இழுக்காதீங்க." என்னைக் கேட்டா, அந்த அம்மாவுக்கு வர்ற முதல் சிக்கலே இந்தப் பாடம்தான்.

ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி அட்டையைப் பத்திக் கொஞ்சம். விமானத்துல வெள்ளை அட்டை குடுத்து, பக்கத்து சீட்காரர்கிட்ட பேனா கடன் வாங்கி, அவருக்கும் சேர்த்து நாமளே நிரப்பிக் குடுத்த காலம் 2020-ஓட முடிஞ்சுபோச்சு. இப்ப எல்லாம் இணையத்துலதான். SG Arrival Card என்பது அதோட பேர். ica.gov.sg தளத்துல இலவசமா நிரப்பலாம். காசு கேக்குற தளம் எதுவா இருந்தாலும் அது இடைத்தரகர்தான், மூடிட்டு வெளிய வந்துடுங்க. இந்த அட்டை விசா இல்லை. நம்ம இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தனியா எடுத்தே ஆகணும்.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். தஞ்சாவூர்லேருந்து 62 வயசு அம்மா ஒருத்தர் மகளோட பிரசவத்துக்கு வர்றாங்க. மகள் வீடு உட்லண்ட்ஸ்ல. ஏப்ரல் 14 ராத்திரி திருச்சியில ஏறி, கோலாலம்பூர்ல விமானம் மாறி, 15-ஆம் தேதி சாங்கியில இறங்கணும். திரும்புற டிக்கெட் மே 11-க்கு.

அட்டையை, வந்து சேர்ற நாளையும் சேர்த்து மூணு நாளுக்குள்ளதான் நிரப்ப முடியும். அதாவது 13, 14, 15. வருகைத் தேதின்னு கேட்டா 15 போடணும். ஊர்ல ஏறுற நாளை நினைச்சு 14-னு போடுறவங்க நிறைய. அடுத்து, சிங்கப்பூர் வர்றதுக்கு முன்னாடி கடைசியா ஏறுன ஊர் எதுன்னு கேக்கும். திருச்சி இல்லை, கோலாலம்பூர். விமான எண்ணும் அந்த ரெண்டாவது விமானத்தோடதுதான். பாஸ்போர்ட் எண்ணுல முதல்ல ஒரு எழுத்து, அதுக்கப்புறம் ஏழு இலக்கம். அதனால பின்னாடி வர்ற வட்டம் எதுவா இருந்தாலும் அது பூஜ்யம்தான், ஆங்கில எழுத்து இல்லை. பேரைப் பாஸ்போர்ட்டுல இருக்குற மாதிரியே முழுசாப் போடணும். நம்ம ஊர் இனிஷியல் பழக்கத்தை இங்க காட்டக்கூடாது.

அட்டையில முக்கியமான இன்னொரு கட்டம் மின்னஞ்சல். முன்ன மாதிரி பாஸ்போர்ட்டுல முத்திரை குத்துறது இல்லை. எத்தனை நாள் தங்கலாம்ங்கிறது மின் அனுமதியா அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஊர்ல டிராவல்ஸ்காரர்கிட்ட நிரப்பச் சொன்னா, அவர் தன்னோட மெயிலைப் போட்டுடுவார். அனுமதி அவரோட பெட்டியில போய் உக்காந்துக்கும், அம்மாவுக்குக் கடைசி நாள் எதுன்னே தெரியாது. மகள் தன்னோட மெயிலைப் போட்டுத் தானே நிரப்பிடுறது உத்தமம்.

சரி, இப்ப பாடத்துக்கு வருவோம். அட்டையில பயண நோக்கம்னு ஒரு கட்டம். சுற்றுலாவும் இருக்கும், உறவினரைப் பார்க்கன்னும் தனியா இருக்கும். தங்குற இடத்துல மகள் வீட்டு அஞ்சல் குறியீடு, ஆறு இலக்கம். நோக்கம் சுற்றுலா, தங்குறது உட்லண்ட்ஸ் குடியிருப்புல, டிக்கெட் 27 நாளைக்கு. இந்த மூணையும் திரையில பாத்துக்கிட்டிருக்குற அதிகாரி என்ன நினைப்பார்? "எந்தெந்த இடம் பாக்கப் போறீங்க?"ன்னு கேப்பார். பாவம் அந்த அம்மா, பாடத்துல அது இல்லையே! தடுமாறுவாங்க. "இங்க யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களா?"ன்னு அடுத்த கேள்வி. பாடத்தை நினைச்சு "இல்லை"ன்னு தலையாட்டினா முடிஞ்சது கதை. அட்டையில இருக்குறது ஒண்ணு, வாய் சொல்றது ஒண்ணு. தனி அறைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. மகளுக்குப் போன் போகும். மகள் "பிரசவத்துக்கு வர்றாங்க"ன்னு உண்மையைச் சொல்லுவா. இப்ப பொய் சொன்னது யாருன்னு ஆச்சு?

அந்த அதிகாரி பொது அறிவுத் தேர்வு நடத்தலைங்க. அட்டை, டிக்கெட், வாய் மூணும் ஒரே கதையைச் சொல்லுதான்னு பாக்குறார், அவ்வளவுதான். மகள் பிரசவத்துக்கு அம்மா வர்றது எந்த நாட்டுலயும் குத்தம் இல்லை. "மகள் வீட்டுக்கு வந்திருக்கேன். அவளுக்குப் பிரசவம். மே 11 திரும்புறேன், இந்தாங்க டிக்கெட்." இந்த மூணு வாக்கியம் போதும். ஆங்கிலம் வராட்டி "தமிழ்"னு சொல்லலாம். தமிழ் அங்க ஆட்சிமொழிகள்ல ஒண்ணு.

ஒரே ஒரு வார்த்தையில மட்டும் கவனம் வேணும். "குழந்தையைப் பாத்துக்குற வேலைக்கு வந்தேன்"னு நம்ம அம்மாங்க வெள்ளந்தியாச் சொல்லிடுவாங்க. வருகை அனுமதியில வேலை செய்யக்கூடாதுங்கிறதால, வேலைங்கிற சொல்லைக் கேட்டதும் அதிகாரி நிமிர்ந்து உக்காருவார். யார் வீட்டுக் குழந்தை, சம்பளம் உண்டான்னு கேள்வி வளரும். "என் பேரன்"னு சொன்னா விஷயம் தெளிவு.

"எத்தனை நாள்?"ங்கிற கேள்விக்கும் நம்மாளுங்க தப்பாப் பதில் வச்சிருக்காங்க. விசாவுல ரெண்டு வருஷம் போட்டிருந்தா ரெண்டு வருஷம் தங்கலாம்னு நினைப்பு. விசா என்பது அந்த ரெண்டு வருஷத்துக்குள்ள வந்து கதவைத் தட்டலாம்ங்கிற அனுமதி மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள்னு முடிவு பண்றது வாசல்லதான். விசா எடுத்து வர்றவங்களுக்கு வழக்கமா 30 நாள் வரைதான். மூணு மாசம் கழிச்சுத் திரும்புற டிக்கெட்டை நீட்டிட்டு "முப்பது நாள்தான்"னு சொன்னா அதுவும் ரெண்டு கதை. மின் அனுமதியில இருக்குற தேதிதான் கடைசி நாள். அதுக்கு மேல வேணும்னா அது முடியறதுக்கு முன்னாடியே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம், ஆனா கிடைக்கும்னு உறுதி கிடையாது. அதனால டிக்கெட்டை மாத்த முடியுற மாதிரி எடுக்குறது நல்லது.

"இப்பல்லாம் தானியங்கி வாயில்தானே, ஆளே கேக்குறதில்லையே?"ன்னு ஒருத்தர் கேக்கலாம். அப்பதான் அட்டை இன்னும் முக்கியம். வாய்க்கு வேலை இல்லாத இடத்துல நாம சொன்ன பதில் அந்த அட்டை மட்டும்தான். அதுல பொய்யா எழுதுறது சட்டப்படி குத்தம்.

டூர்னு சொல்லச் சொல்ற பழக்கம் எங்கேருந்து வந்துச்சு? வருகை விசாவுல வேலை தேடி வர்ற பசங்களுக்கு ஏஜெண்டுகள் சொல்லிக் குடுக்குற பாடம் அது. "மூணு நாள் ஊர் சுத்த வந்தேன்"னு சொல்லச் சொல்லி, தங்கப்போகாத ஹோட்டல் பேரையும் மனப்பாடம் பண்ண வைப்பாங்க. மாட்டினா அந்தப் பையன் அடுத்த விமானத்துல திரும்புவான், கட்டுன காசு ஏஜெண்டோட போச்சு. மறைக்கிறதுக்கு எதுவுமே இல்லாத நம்ம அம்மாவுக்கு அந்தப் பாடம் எதுக்குங்க? அவங்க உண்மையே அவங்களுக்குப் போதுமான காரணம்தானே.

நீங்க வீட்டுப் பெரியவங்களுக்கு என்ன சொல்லி அனுப்புனீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. திட்டுறதா இருந்தாலும் சரி :-)