ரசீது இருக்கு, பாக்கியும் இருக்கு!

சொத்துவரி கட்டியாச்சு, ரசீதும் வாங்கி பீரோவுக்குள் வைத்தாச்சு. இனி அடுத்த வருஷம் பார்த்தால் போதும். நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் ரசீது சொல்வது பணம் வந்து சேர்ந்தது என்பதை மட்டும்தான். அது யார் கணக்கில், எந்த வருஷத்தில் போய் உட்கார்ந்தது என்பதை வேறு இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம். ஒரு சிறிய நகராட்சி, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். வீட்டுக்கு அரையாண்டு வரி 1,480 ரூபாய். தமிழ்நாட்டு நகராட்சிகளில் வரி அரையாண்டுக் கணக்குதான்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. உடம்பு சரியில்லாததால் 2023-24 இரண்டாம் அரையாண்டை அவர் கட்டவில்லை, பிறகு மறந்தும் போனார். 2024 ஏப்ரலில் "இந்த வருஷத்துக்கு" என்று 2,960 கட்டினார். 2025 ஏப்ரலிலும் அதே 2,960. நவம்பரில் மகன் பெயருக்கு மாற்றப் போனால், பாக்கி 1,480 என்கிறார்கள்.

"ரெண்டு வருஷ ரசீதும் கையில இருக்கு. பணத்தை எங்கய்யா போட்டீங்க?" என்று சத்தம் போட்டார் வாத்தியார்.

"சார், ரசீதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

2024 ரசீதில் இரண்டு வரிகள் இருந்தன: 2023-24/II, 2024-25/I. அடுத்த ரசீதில் 2024-25/II, 2025-26/I. பணம் பழைய பாக்கியில்தான் முதலில் கழிந்திருக்கிறது. அதனால் அவர் ஒவ்வொரு வருஷமும் ஒரு அரையாண்டு பின்னாலேயே நடந்து கொண்டிருந்தார். யாரும் எதையும் சாப்பிடவில்லை.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 59, 60, 61 பிரிவுகள் இதைத்தான் பேசுகின்றன. எந்தக் கடனுக்கு என்று கொடுப்பவர் சொல்லலாம். அவர் சொல்லாவிட்டால் வாங்குபவர் முடிவு செய்யலாம். இருவருமே சொல்லாவிட்டால் பழையது முதலில். வரி என்பது ஒப்பந்தம் அல்ல, எனவே அந்தப் பிரிவுகளைக் கவுன்டரில் நீட்ட முடியாது. ஆனால் பழையது முதலில் என்ற கணக்கு அங்கேயும் ஓடுகிறது.

சரி, வருஷம் மாறியதா, கணக்கே மாறியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல் இருக்கிறது. அலுவலகத்தில் டி.சி.பி. என்பார்கள். அதை வைத்துக்கொண்டு வீட்டிலேயே ஒரு கூட்டல் போடலாம். வாத்தியார் கணக்கில் 2024 ஏப்ரல் 1 அன்று பாக்கி 1,480. இரண்டு வருஷக் கேட்பு 5,920. ஆக மொத்தம் 7,400. கட்டியது 5,920. மீதி 1,480. (தாமத வட்டியை இங்கே சேர்க்கவில்லை. அது இருந்தால் தனி வரியாகத் தெரியும்.)

கூட்டல் சரியாக வந்தால் பணம் சரியான கணக்கில்தான் இருக்கிறது, வருஷம்தான் நாம் நினைத்ததல்ல. பாக்கியைக் கட்டுவது தவிர வேறு வழி இல்லை. கூட்டல் இடித்து, அந்த வித்தியாசம் ஒரு ரசீதின் முழுத் தொகையாகவே இருந்தால், அந்த ரசீதே நம் கணக்கில் ஏறவில்லை என்று அர்த்தம்.

அப்போது ரசீதில் உள்ள வரிவிதிப்பு எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். கீழ் வீட்டுக்கு ஒரு எண், மாடிக்கு ஒரு எண் என்று பிரிந்த வீடுகளில் தம்பி கட்டியது அண்ணன் கணக்கில் ஏறிவிடும். குடிநீர்க் கட்டணத்துக்கு இணைப்பு எண் தனி. சொத்துவரி எண்ணில் பணம் கட்டிவிட்டு அங்கே தேடினால் கிடைக்காது. தவறான எண் என்று தெரிந்தால் ரசீது நகலோடு, இரண்டு எண்களையும் குறிப்பிட்டு எழுத்தில் மனு கொடுத்து, அதற்கு ஒப்புகை வாங்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னால் அடுத்த ஆள் மாறி வந்ததும் போச்சு.

ஆன்லைனில் கட்டினால் இன்னொரு தொல்லை. வங்கிக் கணக்கில் பணம் போய்விடும், ரசீது எண் வராது. வங்கி கொடுக்கும் பரிவர்த்தனை எண் ரசீது ஆகாது. பதற்றத்தில் உடனே இரண்டாம் முறை கட்டாமல், பணம் திரும்பியதா, நிலுவை குறைந்ததா என்று சில நாள் கழித்துப் பார்ப்பது நல்லது.

குற்றம் முழுக்க வாத்தியார் மேல் என்று சொல்ல முடியாது. வங்கி பாஸ்புக்கில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் மீதி இருக்கிறது. வரி ரசீதின் கடைசியிலும் "இன்னும் பாக்கி ரூ. 1,480" என்று ஒரு வரி பெரிய எழுத்தில் அச்சடித்தால் 2024 ஏப்ரலிலேயே விஷயம் முடிந்திருக்கும். அந்த வரி வரும்வரை, கட்டிய சில நாள் கழித்து நிலுவையை ஒருமுறை பார்ப்பதுதான் வழி. பூஜ்யம் என்று காட்டிய பிறகு ரசீதை பீரோவுக்குள் வைக்கலாம்.

உங்கள் வீட்டு ரசீதில் எந்த அரையாண்டு போட்டிருக்கிறது? ஒருமுறை எடுத்துப் பாருங்களேன்.