சங்கேதப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள்

போன மாதம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. தூக்கமில்லாத முகம். கையில் வாட்ஸ்அப்பில் வந்த பட்டியல் ஒன்றின் அச்சுப்பிரதி: "பெற்றோர் அறிய வேண்டிய ரகசியக் குறிகள்". அதன்கீழே, மனைவியின் போனில் தற்செயலாகப் பார்த்த ஒரு வரியைக் கையால் எழுதி வைத்திருந்தான். தாய்மார்கள் குழு ஒன்றில் அவள் எழுதியது:

`FTM, 7w pp, EBF. LO up every hr. DH ok, MIL... is this PPD? some nights i want to b un@live`

"மாமா, இதுக்கு என்ன அர்த்தம்? FTM-னா ஆணா மாறுறவங்கன்னு இந்தப் பட்டியல்ல போட்டிருக்கு. எனக்கு ஒண்ணுமே புரியல" என்றான்.

(இருவரும் எழுதச் சொல்லித்தான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம்.)

நான் பிரெஞ்சு வழியில் படித்து, முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளியவன். பி.யு.சி., டி.எஃப்.ஏ. என்று நாங்கள் குறிப்பு எழுதியதை வெளியாள் பார்த்தால் சதித்திட்டம் என்றுதான் நினைப்பான். அதனால் முதலில் சாதாரணச் சுருக்கங்களைப் பிரித்துக் காட்டினேன். தாய்மார்கள் குழுவில் FTM என்றால் முதல் குழந்தையின் தாய். வேறு குழுவில் அதே மூன்றெழுத்துக்கு அவனுடைய பட்டியல் சொன்ன பொருளும் உண்டு. 7w pp, பிரசவமாகி ஏழு வாரம். EBF, தாய்ப்பால் மட்டுமே. LO குழந்தை. DH நீதான்டா, அன்புக் கணவன். MIL மாமியார், அதாவது என் தங்கை. அந்த மூன்று புள்ளிக்குப் பொருள் சொல்ல நான் தேவையில்லை.

இவையெல்லாம் விரல் வலிக்காமலிருக்கச் சுருக்கியவை. யாருக்கும் பயந்து எழுதியவை அல்ல. பாரிஸில் இருக்கும் என் பள்ளித் தோழனின் பேரன் ஒவ்வொரு செய்தியிலும் mdr என்று போடுவான். ஆங்கிலக் கண்ணுக்குக் கொலை மாதிரித் தெரியும். பிரெஞ்சில் அது 'சிரித்துச் சிரித்துச் செத்தேன்' என்பதன் சுருக்கம். குறியை மட்டும் பிடுங்கிப் பட்டியல் போட்டால் இதுதான் கதி.

கடைசிச் சொல் மட்டும் வேறு ஜாதி. unalive என்பது சாவு, தற்கொலை என்ற சொற்களுக்குப் பதிலாகக் காணொளித் தளங்களில் புழங்கும் சொல். நேரான சொல்லை எழுதினால் இயந்திரம் பதிவை நீக்கிவிடும், அல்லது யார் கண்ணிலும் படாமல் அமுக்கிவிடும் என்ற பயத்தில் உண்டானது. எளிய வடிகட்டி ஒன்றுக்கு அர்த்தம் தெரியாது, எழுத்தைத்தான் ஒப்பிடும். a இருந்த இடத்தில் @ வந்தால் அதற்கு அது வேறு சொல். அதனால்தான் i-க்கு 1, e-க்கு 3, o-க்கு 0. ஒலியால் ஏமாற்றுவது இன்னொரு வழி: sex என்பதை seggs என்பார்கள், rape என்பதை grape என்பார்கள்.

ஓய்வுக்குப் பிறகுதான் நன்னூலை ஒழுங்காகப் படித்தேன். ஒரு பொருளுக்கு உரிய சொல்லை விட்டு வேறு சொல் வழங்குவதைத் தகுதி வழக்கு என்று சொல்லி, மூன்றாகப் பிரிக்கிறது. அவையில் கூசும் சொல்லுக்கு இடக்கரடக்கல். அமங்கலத்தை மறைக்க மங்கலம். பொன்னைப் 'பறி' என்ற பொற்கொல்லர் போல, தம் கூட்டத்துக்குள் பேசக் குழூஉக்குறி. மூன்றிலும் சொல்லை மாற்றுகிறவர் மனிதர், மனிதருக்காக மாற்றுகிறார். இயந்திரத்துக்குப் பயந்து மாற்றும் நான்காம் வகை இப்போது வந்திருக்கிறது. என் மருமகள் எழுதியதில் அந்தப் பயம் இரண்டு அடுக்காக இருந்தது: சாவை மறைக்க ஒரு சொல், அந்தச் சொல்லையும் மறைக்க ஒரு @.

வடிகட்டி வைத்தவர்கள் மீதுதான் என் முதல் கோபம். 2012-இல் இன்ஸ்டாகிராம், உடலை வற்றவைத்துக்கொள்வதைப் புகழும் சில குறிச்சொற்களைத் தடுத்தது. thighgap போனது, thyghgapp வந்தது. ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 25 லட்சம் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். எழுத்து மாறிய சொற்களின்கீழ் ஆட்கள் இன்னும் ஈடுபாட்டோடு கூடினார்கள். அங்கே இருந்த பதிவுகள் இன்னும் ஆபத்தானவை. இன்னொரு நஷ்டமும் உண்டு. பல தளங்களில் தற்கொலை என்ற சொல்லை நேராகத் தேடினால் உதவி எண் ஒன்று மேலே வரும். சொல்லைத் திரித்து எழுதினால் அதுவும் தப்பிப்போகும். தடுப்பதற்காக வைத்த வேலி, கைகொடுக்க வருகிறவனையும் சேர்த்துத்தான் தடுக்கிறது.

இரண்டாம் கோபம் பட்டியல் அனுப்புகிறவர்கள் மீது. பட்டியல் அச்சாகும்போதே பழசாகிவிடும். அதைவிட மோசம், அது உங்களை வேவுக்காரராக்குகிறது. பள்ளிப் பிள்ளை பரீட்சை முடிந்து வந்து, கணக்கு என்னை unalive பண்ணிவிட்டது என்று சிரித்துக்கொண்டே எழுதுவான். ஏழு வாரத் தாய் "சில ராத்திரிகளில் எனக்கு" என்று எழுதுவாள். சொல் ஒன்றுதான். யாரைப் பற்றி, எந்த நேரத்தில், எதற்குப் பிறகு எழுதியது என்று பாருங்கள். இங்கே அவள் தன்னைப் பற்றியே சொல்கிறாள், ராத்திரிகளைச் சொல்கிறாள், அதற்கு முன்வரியில் PPD-ஆ என்று கேட்கவும் செய்கிறாள். PPD என்றால் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. பெற்றவுடன் வரும் அழுகையும் கலக்கமும் பொதுவாக இரண்டு வாரத்தில் அடங்கும். ஏழு வாரத்திலும் நிற்கிறது என்றால் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம்.

மூன்றாம் கோபம் எங்கள் வீட்டின் மீதே. "பிள்ளை பெத்த வீட்ல அபசகுனமா பேசாதே" என்று அவள் வாயை அடைத்தது என் தங்கை. கேட்டுக்கொண்டு பேப்பர் படித்தது நான். போனுக்கு முன்பே வீட்டில் வடிகட்டி இருந்திருக்கிறது.

அவனிடம் சொன்னேன்: "பட்டியலைக் கிழிச்சுப் போடு. இன்னைக்கே அவகிட்ட நேராக் கேளு. செத்துடலாம்னு தோணுதான்னு அந்த வார்த்தையையே சொல்லிக் கேளு. போனைப் பார்த்ததையும் மறைக்காதே. ஆமான்னு சொன்னா தனியா விடாதே." கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயந்தான். அப்படி ஆவதில்லை. கேட்பதால் ஆறுதல்தான் வரும்.

கேட்டான். அவள் ஆமாம் என்றாள், நெடுநேரம் அழுதாள். மறுநாள் மருத்துவர் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோல் அது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பத்தாவது கேள்வி, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் பதிலை மட்டும் தனியே கவனிப்பார்கள். திரிபு இல்லை, @ இல்லை, நேரான கேள்வி. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்தை அவரே தேர்ந்து கொடுத்தார். ராத்திரி ஒரு வேளை குழந்தையை என் தங்கை பார்த்துக்கொள்கிறாள். மருமகள் தொடர்ந்து நான்கு மணி நேரமாவது தூங்குகிறாள்.

இதே நிலையில் உள்ள வீடுகளுக்காக: அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அங்கே சொல்லை ஒளித்துப் பேச வேண்டியதில்லை. வீட்டிலும் இனி வேண்டாம்.