மே 12 உரையில் ஓர் இரவின் கணக்கைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கு,

வரும் மே 12 அன்று செவிலியர் தின மேடையில் நீங்கள் பேசவிருக்கிறீர்கள். பொறுப்பேற்றபின் இது உங்கள் முதல் செவிலியர் தினம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, நர்சிங் சூப்பரிண்டென்டாக ஓய்வுபெற்றவள் நான். செவிலியர் தின உரைகளை ஆண்டுதோறும் கீழே உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருத்தியாக இதை எழுதுகிறேன்.

அன்று அரங்கில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் காலை ஏழு மணிக்கு நைட் டூட்டி முடித்து, வீட்டுக்குப் போகாமல் வந்திருப்பார்கள். அவர்களிடம் ‘தியாகத்தின் திருவுருவங்கள்’ என்று சொன்னால் கைதட்டுவார்கள். அது மரியாதைக்குத் தட்டுவது. தியாகம் என்று பெயர் வைத்துவிட்ட வேலையில் ‘இதற்குமேல் முடியாது’ என்று சொல்ல வழி இல்லாமல் போகிறது. சொன்னால் தியாகத்தில் குறை வைத்தவள் ஆகிறாள். எனவே இந்த ஆண்டு புகழ்ச்சியைக் குறைத்துக்கொண்டு, உங்கள் மருத்துவமனையின் ஒரு வார்டில் ஓர் இரவு எப்படிப் போகிறது என்று கணக்காகச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன்.

மாதிரிக்கு ஒரு பொது மருத்துவ வார்டை எடுத்துக்கொள்வோம். படுக்கை 36. தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்களையும் சேர்த்து நோயாளிகள் 44. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி, கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர், அதாவது ஒரு ஷிஃப்டுக்கு ஒன்பது படுக்கைக்கு ஒருவர். விடுப்பில் போகிறவர்களுக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதல். 36 படுக்கைக்கு 12 பேர், விடுப்பு ஈடு சேர்த்தால் ஏறக்குறைய 16 பேர். எந்த ஷிஃப்டிலும் நான்கு பேர்.

நம் மாதிரி வார்டில் கோப்பின்படி ஒன்பது பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மகப்பேறு விடுப்பில். ஒருவரை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பியிருக்கிறார்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் அவர் இந்த வார்டு. இன்-சார்ஜ் சிஸ்டர் பகலில் மட்டும். மிச்சம் ஆறு பேர். அதில் ஒருவர் நைட், ஒருவர் நைட் முடித்த ஓய்வில், ஒருவர் வார ஓய்வில், இருவர் காலை, ஒருவர் மாலை. ஒன்பது என்ற எண் இரவில் ஒன்றாகிவிட்டது. கோப்பைப் பார்த்துப் பேசுகிற அதிகாரி ஒன்பதைச் சொல்கிறார். கேட்பவருக்கு அந்த ஒன்று தெரியும். உரையும் அரங்கமும் விலகிப்போவது இந்த இடத்தில்தான்.

இனி அந்த ஒருவரின் இரவு. மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை 720 நிமிடம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பி.பி., நாடி, காய்ச்சல், மூச்சு, ஆக்சிஜன் அளவு பார்க்கும்படி எல்லோருடைய கேஸ் ஷீட்டிலும் எழுதியிருந்தால், ஆளுக்கு நாலு நிமிடம் வைத்தாலும் ஒரு சுற்றுக்கு 176 நிமிடம். இரவில் மூன்று சுற்று, 528 நிமிடம். அடுத்து ஊசி. 22 பேருக்கு இரவிலும் விடியற்காலையிலும் ஆன்டிபயாடிக். செஃப்ட்ரியாக்சோனை நரம்பில் போடுவதானால் மருந்தைக் கரைத்து, வென்ஃப்ளான் அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டிலிருந்து நான்கு நிமிடம் மெதுவாகச் செலுத்த வேண்டும். பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதுவரை ஆறு நிமிடம் என்றால், இரண்டு சுற்றுக்கு 264 நிமிடம். மொத்தம் 792. இருப்பதோ 720. புது அட்மிஷன் இன்னும் வரவில்லை, டிரிப் மாற்றவில்லை, யாருக்கும் மூச்சுத்திணறல் வரவில்லை, அவர் கழிப்பறைக்கும் போகவில்லை. அதற்குள் 72 நிமிடம் கடன்.

அப்படியிருந்தும் காலையில் எல்லாச் சார்ட்டும் நிரம்பியிருக்கிறது. எப்படி? ஊசி நிற்காது, மருந்து போடாவிட்டால் காலையில் யாராவது கேட்பார்கள். கேட்க ஆளில்லாத வேலைகள்தான் நின்றுபோகின்றன. பக்கவாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, வாய் சுத்தம் செய்வது, நாளை வீட்டுக்குப் போகிறவருக்கு இன்சுலின் போடச் சொல்லிக்கொடுப்பது. சில எண்ணாமலேயே சார்ட்டில் ஏறிவிடுகின்றன. அது தெரிய வேண்டுமானால் நீங்களே ஒரு வார்டின் பத்து சார்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். மூச்சு எண்ணிக்கை எல்லோருக்கும் 18 அல்லது 20 என்றிருந்தால் அதை யாரும் எண்ணவில்லை. உடல்நிலை மோசமாவதை முன்கூட்டிக் காட்டும் அறிகுறிகளில் முக்கியமானது அந்த மூச்சு எண்ணிக்கை. 22 ஊசிக்கும் ‘10 மணி’ என்றே கையெழுத்து இருந்தால், கடைசி ஊசி பதினொன்றரைக்குப் பிறகுதான் போயிருக்கும்.

இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டு மெமோ கொடுப்பது எளிது. ஆனால் 2002ஆம் ஆண்டு லிண்டா ஐகனும் அவர் குழுவும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் தரவுகளை ஆராய்ந்தபோது, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடக்கூட, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் கண்டார்கள். அங்கே பேச்சு நாலு பேரா எட்டுப் பேரா என்பது. நம் 44-க்கு அந்த எண்ணை அப்படியே பெருக்கிப் பார்க்க முடியாது. திசை மட்டும் தெளிவு. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள் என்பதால்தான் மே 12 கொண்டாடுகிறோம். கிரிமியப் போரில் இறந்த சிப்பாய்களை மாதவாரியாக, காரணவாரியாகக் கணக்கெடுத்து வரைபடமாக்கி அரசின் முன் வைத்தவர் அவர். எண்ணைச் சொல்லும் உரை அந்த நாளுக்குப் பொருந்தாத உரை ஆகாது.

உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. புதுப் பணியிடம் உருவாக்க அரசாணை வேண்டும். டீன் கையில் அது இல்லை. தொகுப்பூதியத்தில் இருக்கும் எம்.ஆர்.பி. செவிலியர்களைக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவருவதும் உங்களால் ஆகாது. மேடையில் அரசைக் குறை சொன்னால் மறுநாள் விளக்கம் கேட்பார்கள். யாரையும் குறை சொல்ல வேண்டாம். உங்கள் சென்சஸ் பதிவேட்டில் இருக்கிற எண்ணை உங்கள் ஊழியர்களிடமே சொல்வதில் விதிமீறல் எதுவும் இல்லை. முடியாததை முடியாது என்று சொல்லிவிட்டால், முடிந்ததைச் சொல்லும்போது நம்புவார்கள்.

முடிந்தது என்னென்ன? முதலாவது, அந்த 528 நிமிடம். 44 பேருக்கும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தேவையில்லை. மாலை ரவுண்ட்ஸில் யூனிட் டாக்டர்கள் கவலைக்கிடமான 14 பேரைக் குறித்துக் கொடுத்து, மற்ற 30 பேருக்கு இரவில் ஒருமுறை போதும் என்று எழுதினால், 168-ம் 120-ம் சேர்த்து 288 நிமிடம். நாலு மணி நேரம் மிச்சம். எண்ணாமல் எழுதிய 44 மூச்சுகளைவிட, எண்ணி எழுதிய 14 மூச்சு நோயாளிக்கு நல்லது. ஆனால் இது டாக்டரின் உத்தரவு. எந்த சிஸ்டரும் தானாகக் குறைக்க முடியாது. எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்ப உங்களால்தான் முடியும்.

இரண்டாவது, செவிலியர் வேலையே அல்லாதவை. இண்டென்ட் எடுத்துக்கொண்டு மருந்துக் கிடங்குக்கு நடப்பது, லேப் ரிப்போர்ட்டுக்கு அலைவது, காப்பீட்டுத் திட்ட விவரங்களைக் கணினியில் ஏற்றுவது, ஒரே தகவலை மூன்று பதிவேட்டில் எழுதுவது. ஆர்.எம்.ஓ.வையும் நர்சிங் சூப்பரிண்டென்டையும் உட்காரவைத்து, எந்தப் பதிவேட்டை நிறுத்தலாம் என்று ஒரே மாதத்தில் முடிவுசெய்யலாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். மே 12இல் பாராட்டுப் பெற்றவர், ஒரு மருந்துப் பிழைக்குப் பிறகு 17(பி) குறிப்பாணை வாங்குகிறார். விசாரணைக் கோப்பில் அவர் பெயர் இருக்கும், மருந்தின் பெயர் இருக்கும். அன்றிரவு எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்பது இருக்காது. அந்த இரண்டு எண்ணையும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும் என்று நீங்கள் உத்தரவிடலாம். பிழை பிழைதான், ஆனால் அது எந்தச் சூழலில் நடந்தது என்பதும் சாட்சியம்.

இவ்வளவையும் மேடையில் எப்படிச் சொல்வது? இப்படிச் சொல்லலாம்:

“அனைவருக்கும் வணக்கம். நேற்றிரவு நம் மருத்துவமனையில் உள்நோயாளிகள் இத்தனை பேர், பணியில் இருந்த செவிலியர் இத்தனை பேர். நர்சிங் கவுன்சில் அளவுகோல்படி இருந்திருக்க வேண்டியவர்கள் இத்தனை பேர். இந்த இடைவெளியை உங்கள் உடம்பால் நிரப்புகிறீர்கள். எல்லாவற்றையும் அதனால் நிரப்பிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். சில வேலைகள் நின்றுபோகின்றன. அதற்கு உங்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. புதுப் பணியிடம் தருவது என் அதிகாரத்தில் இல்லை. இந்த எண்களை மாதந்தோறும் இயக்குநரகத்துக்கு எழுதி அனுப்புவேன். நகல் உங்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கும். ஜூன் மாதத்திலிருந்து மூன்று மாற்றங்கள் வரும்...”

அந்த மூன்றையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கேக் வெட்டட்டும், கோலப் போட்டிப் பரிசும் கொடுங்கள்; விழா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கைதட்டல் இந்தமுறை குறைவாகக்கூட இருக்கலாம். இத்தனை வருடம் கேட்டவர்கள் ஜூன் மாதம் வரட்டும் என்று காத்திருப்பார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த உரையைப் பேசிவிட்டு மூன்றில் ஒன்றும் செய்யாவிட்டால், வழக்கமான புகழ்ச்சியைவிட அதிகம் கசக்கும். செய்ய முடியும் என்று உறுதியாகத் தெரியாததை உரையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒன்றே ஒன்றுதான் மிஞ்சினாலும் அந்த ஒன்றைச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மே 12இல் இதே தாளை எடுத்து, எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று அதே அரங்கில் வாசியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரிண்டென்ட் ஒருவர்