ஒரே கதையா, நாலைந்து காட்சிகளா?



உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளில் சிலர் உதவித்தொகை கேட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அங்குள்ள பெருந்தொகையான கல்லூரிகள் ‘கொமன் அப்ளிகேஷன்’ என்ற ஒரே பொது விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்கின்றன. அதிலே பிள்ளை தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அது 250 சொற்களுக்குக் குறையவும் கூடாது, 650 சொற்களைத் தாண்டவும் கூடாது. பெறுபேறுகள் பிள்ளை எவ்வளவு படித்தாள் என்பதைச் சொல்லிவிடும். அவள் எப்படிப்பட்ட பிள்ளை என்பதை அவளுடைய வாயாலேயே கேட்பதற்காக இருப்பது இந்தக் கட்டுரை.

பதினேழு, பதினெட்டு வருட வாழ்க்கையை 650 சொற்களில் அடக்க இரண்டு வழிகள் உண்டு. ஒரு நிகழ்ச்சியை எடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கதையாகச் சொல்வது முதலாவது வழி. தொடர்பில்லாதவை போலத் தோன்றும் நாலைந்து சிறு காட்சிகளை எடுத்து ஒரே நூலில் கோப்பது இரண்டாவது வழி. ஆங்கிலத்தில் இதை ‘மொன்டாஜ்’ என்பார்கள். நாம் காட்சிக் கோவை என்று சொல்லிக்கொள்வோம். எதை எடுப்பது என்பதில் பல வீடுகளில் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே மனவருத்தமும் வந்துவிடுகிறது. ஏன் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன்.

புத்தளத்தில் ஒரு பிள்ளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மா தையல் தைத்துக் குடும்பத்தைக் கொண்டு போகிறார். மாமா பாடசாலைச் செலவைப் பார்த்துக்கொள்கிறார். பிள்ளை கணிதப் பிரிவில் படித்து நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். கட்டுரை என்றதும் வீட்டார் எல்லோரும், “வாப்பாட மௌத்தை எழுதுங்க மகள். அதை வாசித்தால் அவங்கட மனம் இளகும்” என்கிறார்கள். பிள்ளையோ அதை எழுத விரும்பவில்லை. ஏன் என்று அவளால் விளக்கவும் முடியவில்லை.

வீட்டார் சொல்வதையே முதலில் எழுதிப் பார்ப்போம். முதற் பந்தியில் வாப்பா நோயுற்று மௌத்தாகிறார். இரண்டாவதில் உம்மா தையல் மெஷின் வாங்குகிறார். மூன்றாவதில் மாமா உதவுகிறார். நான்காவதில் பிள்ளை பரீட்சையில் சித்தியடைகிறாள். ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும், அதில் செயலைச் செய்தவர் யார் என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். நோய், உம்மா, மாமா என்று வரும். பிள்ளை கடைசியில்தான் வருகிறாள். வாசிப்பவர் கட்டுரையைக் கீழே வைக்கும்போது உம்மாவின் மீதுதான் மதிப்புக் கொள்வார். ஆனால் விண்ணப்பிப்பவர் உம்மா அல்லவே.

ஒரே கதை என்ற வடிவம் கேட்பது இதைத்தான். கதையில் ஒரு தடை இருக்க வேண்டும். அந்தத் தடைக்கு எதிரே பிள்ளை தன் கையால் ஏதாவது செய்திருக்க வேண்டும். செய்ததன் விளைவாக அவளுடைய எண்ணமோ நடத்தையோ மாறியிருக்க வேண்டும். துயரம் எவ்வளவு பெரியது என்பது இங்கே கணக்கல்ல. மிகப் பெரிய துயரமாக இருந்தாலும் பிள்ளை அதைத் தாங்கிக்கொண்டு மட்டும் இருந்தாளென்றால், அது கதையாக நிற்காது. தடையைச் சொல்வதற்கு மொத்தத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல், அதாவது ஏறக்குறைய 200 சொற்களுக்கு மேல் செலவாகுமானால், அவள் செய்ததைச் சொல்ல இடம் போதாமற் போகும்.

கதை உண்மையில் கதைதானா என்று பார்க்க இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு பந்திக்கும் அடுத்த பந்திக்கும் இடையில் ‘ஆகவே’ அல்லது ‘ஆனால்’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். பொருந்தினால் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது என்று பொருள். எங்கும் ‘அதற்குப் பிறகு’ என்பது மட்டுமே பொருந்தினால், அது நாட்குறிப்பு.

இனி அதே பிள்ளையின் காட்சிக் கோவையைப் பார்ப்போம். நூலாக உம்மாவின் தையல் மெஷினை எடுக்கிறோம். அந்த மெஷினைச் சுற்றி அவளுக்கு நடந்தவற்றை உம்மாவும் மகளும் உட்கார்ந்து நினைவுபடுத்துகிறார்கள்.

முதலாவது, அளவுக் கொப்பி. வாப்பாவின் கடைக் கணக்குக் கொப்பி பாதியோடு நின்றிருந்தது. மிச்சப் பக்கங்களில் அவள் கோடு போட்டு, தைக்கக் கொடுத்தவர்களின் அளவுகளையும் நிலுவைக் காசையும் எழுதத் தொடங்கினாள். யார் எந்த மாதத்தில் தாமதிக்கிறார்கள் என்று பார்த்து, துணியை எடுக்கும்போதே பாதிக் காசை வாங்கும்படி உம்மாவிடம் சொன்னாள்.

இரண்டாவது, 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டு. மோட்டார் ஓடவில்லை. பழைய மிதி மெஷினின் தோல் வார் தளர்ந்து வழுக்கியது. அவள் அதைச் சிறிது வெட்டிக் குறுக்கி, கொளுக்கியால் மீண்டும் இணைத்தாள். இறுக்கம் கூடினால் மிதி கனத்தது, குறைந்தால் வார் வழுக்கியது. மூன்று தடவை கழற்றிப் பூட்டிய பிறகே சரிவந்தது.

மூன்றாவது, துணியை மிச்சப்படுத்தியது. கையின் மேற்பகுதி அகலம், மணிக்கட்டுப் பக்கம் ஒடுக்கம். இரண்டு கைகளையும் ஒன்றுக்கொன்று தலைகீழாக வைத்து வெட்டினால் துணி மிஞ்சும் என்று கண்டுபிடித்தாள். பெருநாள் துணி ஒன்றில் அப்படியே வெட்டினாள். பூக்கள் ஒரே பக்கம் பார்க்கும் துணி அது. ஒரு கையில் பூ தலைகீழாக நின்றது. தன் விதி எந்தத் துணிக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை அன்று அவள் படித்துக்கொண்டாள்.

நான்காவது, அளவெடுக்க வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு தோள் தாழ்ந்திருந்தது. இரண்டு தோள்களையும் தனித்தனியே அளந்ததும் அந்தப் பெண்ணின் முகம் வாடியது. அன்றிலிருந்து வருகிற எல்லோருக்கும் இரண்டு தோள்களையும் அளப்பது என்று அவள் வழக்கமாக்கிவிட்டாள்.

இப்போது ஓரத்தில் வேறொன்றை எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு காட்சியும் பிள்ளையின் எந்தக் குணத்தைக் காட்டுகிறது? ஒழுங்கு, கைத்திறமை, கணிதச் சிந்தனை, பிறர் மனம் நோகாமல் நடத்தல் என்று நான்கும் வேறுவேறாக வருகின்றன. எல்லாவற்றிலும் செயலைச் செய்பவள் அவள்தான். வாப்பாவும் இருக்கிறார். பாதியில் நின்ற அந்தக் கொப்பியில் ஒரே வரியில் வந்துவிட்டுப் போகிறார். பிள்ளை எழுதத் தயங்கியதற்கும் இதில் விடை உண்டு. மற்றவர்களின் மனம் இளகுவதற்காகத் தன் வாப்பாவின் மௌத்தைக் காட்டுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்த வடிவத்தில் அவள் அதை மறைக்கவுமில்லை, விரித்துக் காட்டவுமில்லை.

சொற்களையும் கணக்குப் பார்ப்போம். தொடக்கத்துக்கு 60, நான்கு காட்சிகளுக்கும் தலா 120, முடிவுக்கு 100. மொத்தம் 640. 120 சொற்களில் ஒரு காட்சியைச் சொல்ல ஓர் இடம், ஒரு செயல், அதிலிருந்து வந்த ஓர் எண்ணம், இவ்வளவுக்குத்தான் இடமுண்டு. காட்சிகள் ஏழெட்டாகப் போனால் ஒவ்வொன்றும் இரண்டு வசனமாகச் சுருங்கி, கட்டுரை ஒரு பட்டியலாகிவிடும்.

காட்சிக் கோவை கெட்டுப்போகும் வழிகளும் இரண்டு. ஒரே குணம் இரண்டு காட்சிகளில் வருவது ஒன்று. ஓரத்தில் ‘விடாமுயற்சி’ என்று இரண்டு தடவை எழுத நேர்ந்தால் ஒரு காட்சியை எடுத்துவிட வேண்டியதுதான். நூல் பெயரளவில் மட்டும் இருப்பது மற்றது. தையல் மெஷினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தேநீர்க் கோப்பையை வைத்தாலும் கட்டுரை அப்படியே ஓடுமானால், அது நூல் அல்ல. நம்முடைய உதாரணத்தில் அப்படி மாற்ற முடியாது. வாரும் துணியும் அளவும் இல்லாமல் அந்தக் காட்சிகளே இல்லை. கடைசி 100 சொற்களில், இந்த நான்கும் சேர்ந்து அவளை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன, அதனால் அவள் எதைப் படிக்க விரும்புகிறாள் என்பதையும் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் முத்துக்கள் இருக்கும், மாலை இருக்காது.

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்சிக் கோவைதானா? இல்லை. இன்னொரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவளுடைய தம்பிக்குக் காது கேளாது. தெருவில் அவனோடு சைகையில் பேச அவள் வெட்கப்பட்டாள். ஆகவே அவன் அவளோடு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டான். அது அவளைச் சுட்டது. ஆகவே சைகை மொழியை முறையாகப் படித்தாள், அவனுடைய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனாள். ஆனால் முதல் நாள் அவர்கள் சிரித்தார்கள். ஆகவே பாடமாகச் சொல்லாமல் விளையாட்டாக மாற்றினாள். இங்கே ‘ஆகவே’யும் ‘ஆனால்’உம் தாமாகவே வந்து விழுகின்றன. வெட்கப்பட்டவளும் மாறியவளும் அவளே. இதைத் துண்டு துண்டாக வெட்டினால் உயிர் போய்விடும். இது ஒரே கதையாகத்தான் இருக்க வேண்டும்.

“எங்கள் கஷ்டம் தெரியாவிட்டால் உதவித்தொகை எப்படிக் கிடைக்கும்?” என்று உம்மாமார் கேட்பது நியாயமே. குடும்பத்தின் வருமானத்தை உதவித்தொகைப் படிவங்கள் தனியே கேட்கின்றன. பாடசாலையிலிருந்து போகும் கடிதத்திலும் வீட்டு நிலைமையைக் குறிப்பிடலாம். அது தவிர, 2025ஆம் ஆண்டில் தொடங்கிய விண்ணப்பப் பருவத்திலிருந்து ‘சவால்களும் சூழ்நிலைகளும்’ என்ற பொருள்பட 250 சொற்களுக்கு உட்பட்ட ஒரு தனிப் பகுதியும் உண்டு. விரும்பினால் நிரப்பலாம். வாப்பா எந்த ஆண்டில் மௌத்தானார், வீட்டு வருமானம் எப்படி மாறியது, படிப்பு எவ்வளவு தடைப்பட்டது என்று அங்கே நேராக எழுதினால் போதும். கட்டுரை அந்தச் சுமையைத் தூக்க வேண்டியதில்லை.

பிரித்தானியாவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தெரிவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2026ஆம் ஆண்டு அனுமதியிலிருந்து அங்கே கூற்றை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இடைவெளிகளோடு சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள். பாடத்தின் மீதுள்ள ஆர்வத்தையும் அதற்கான தயாரிப்பையும்தான் பெரிதும் கேட்கிறார்கள். அங்கே கேட்டதற்கு நேராக விடை சொல்ல வேண்டும்.

தாய்மாரே, உங்களால் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. எதை எழுதுவது என்று தீர்ப்புச் சொல்லாமல், பிள்ளை தானாகச் செய்த காரியங்களாக உங்களுக்கு நினைவிலுள்ள பத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சமையலறையில் நடந்தது, தம்பி தங்கையோடு நடந்தது, எதுவானாலும் சரி. அவை ஒன்றிலிருந்து ஒன்று பிறந்திருந்தால் கதை. தனித்தனியே நின்றால் கோவை. ஆனால் நடக்காத ஒன்றையும் சேர்த்துவிடாதீர்கள். எழுதியதெல்லாம் உண்மை, எல்லாம் என்னுடையது என்று அந்த விண்ணப்பத்தின் முடிவில் உறுதி கூறிக் கையொப்பமிடப் போவது பிள்ளைதான்.